நிறம் மாற்றிய சேலைப் படத்துக்கு மாற்றுரை எழுதுவது எப்படி?

ஒரே டிசைனில் ஆறு நிறச் சேலை வந்தால், இணையத்தில் விற்கும் பல கடைகள் ஆறையும் கட்டிப் படம் எடுப்பதில்லை. ஒன்றை மட்டும் மாடலுக்குக் கட்டி எடுக்கிறார்கள். மற்ற ஐந்தும் கணினியில் நிறம் மாற்றப்பட்டு உருவாகின்றன. பின்னணி வெள்ளையாகிறது, சுருக்கம் மறைகிறது, கடையில் இல்லாத ஒரு ரவிக்கை மாடலின் தோளில் வந்து உட்காருகிறது. அந்தப் படங்களைத் தளத்தில் ஏற்றுபவர் முதல் படத்துக்கு எழுதிய வரியையே ஆறுக்கும் ஒட்டிவிடுகிறார்.

பார்வையுள்ளவர் அந்த வரியைப் பார்ப்பதே இல்லை. கண் தெரியாத வாடிக்கையாளருக்கு அந்த வரிதான் படம். பக்கத்தின் நிரலில் படத்தோடு சேர்த்து எழுதப்படும், ஆல்ட் டெக்ஸ்ட் என்று சொல்லப்படும் இந்த மாற்றுரையைத்தான் கணினியில் என்.வி.டி.ஏ., ஜாஸ் போன்ற திரைவாசிப்பான்களும், ஆண்ட்ராய்டில் டாக்பேக்கும், ஐபோனில் வாய்ஸ்ஓவரும் வாசித்துக் காட்டுகின்றன. திருத்தாத படத்துக்கு இதை எழுதுவது எளிது, தெரிவதை எழுதினால் போதும். திருத்திய படத்தில்தான் சிக்கல். படத்தில் தெரிவது ஒன்றாகவும் பெட்டியில் வருவது வேறாகவும் இருக்கும்போது எதை எழுதுவது?

விடை தெரிய, நிறமாற்றம் ஒரு சேலைப் படத்தை என்ன செய்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

ஒரு கண்டாங்கி, இரண்டு படங்கள்

காரைக்குடிப் பக்கம் நெய்யப்படும் கண்டாங்கி பருத்திச் சேலையை எடுத்துக்கொள்வோம். 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. கட்டமும் கோடும் அகலமான பார்டரும் அதன் அடையாளம். கடையில் மாம்பழ மஞ்சள் சேலை ஒன்று இருக்கிறது. உடலில் ஒரு இன்ச் அளவுக்கு மெல்லிய கறுப்புக் கோட்டில் கட்டங்கள், இருபுறமும் ஆறு இன்ச் அரக்குப் பார்டர், அரக்கு முந்தானையில் மஞ்சள் பட்டைகள். இதைக் கட்டிப் படம் எடுத்தாயிற்று. இதே நெசவில் பாட்டில் பச்சை உடலும் அதே அரக்குப் பார்டரும் உள்ள சேலையும் இருக்கிறது. அதற்குத் தனியாகப் படம் எடுக்கவில்லை.

படத்தைத் திருத்துபவர் சேலை முழுவதையும் தேர்ந்தெடுத்து, நிறச் சக்கரத்தைத் திருப்புகிறார். அந்தச் சக்கரம் 360 பாகை கொண்டது. சிவப்பு 0, மஞ்சள் 60, பச்சை 120 பாகையில் இருக்கும். மாம்பழ மஞ்சள் ஏறத்தாழ 45-இல் இருக்கிறது. 90 பாகை திருப்பினால் அது 135-க்குப் போய்ப் பச்சையாகிவிடும். உடல் சரியாக வந்துவிட்டது. ஆனால் தேர்வுக்குள் பார்டரும் இருந்ததல்லவா? 0-வை ஒட்டியிருந்த அரக்கும் கூடவே 90-க்கு நகர்ந்து, கரும்பாசி போன்ற ஒரு பச்சையாகிறது. இப்போது படத்தில் இருப்பது பச்சை உடலும் பாசிப் பார்டரும் உள்ள சேலை. அப்படி ஒரு சேலையை எந்தத் தறியிலும் யாரும் நெய்யவில்லை.

இதோடு நிற்பதில்லை. சக்கரத்தைத் திருப்பும்போது நிறம்தான் மாறும், வெளிச்ச அளவு பெரிதாக மாறாது. மஞ்சள் வெளிர் நிறம் என்பதால் கிடைக்கும் பச்சையும் கிளிப்பச்சையாகத்தான் இருக்கும். பாட்டில் பச்சை வேண்டுமென்று திருத்துபவர் படத்தை இருட்டாக்குகிறார். கறுப்புக்கு நிறச் சக்கரத்தில் இடம் இல்லாததால் கட்டக் கோடுகள் முதல் வேலையில் மாறாமல் தப்பின. இருட்டாக்கியதும் அவை கரும்பச்சைக்குள் மூழ்கிவிடுகின்றன. திரையில் சேலை வெறும் உடலாகத் தெரிகிறது. கண்டாங்கிக்கு உயிரான கட்டமே போய்விட்டது.

ஜரிகைச் சேலையில் இதே தவறு வேறு மாதிரி வரும். தங்க ஜரிகையும் மஞ்சள் பாகையில் இருப்பதால் உடலோடு சேர்ந்து பச்சையாகவோ ஊதாவாகவோ மாறிவிடும். ஜரிகையை மட்டும் தேர்விலிருந்து விலக்குவது கடினம், ஏனென்றால் புட்டாக்கள் எனப்படும் நெய்த பூவடிவங்கள் சிறியவை, ஓரங்கள் துணி நிறத்தோடு கலந்திருக்கும். படத்தைப் பெரிதாக்கி, சின்னப் புட்டாக்களின் ஓரத்தில் பழைய நிறம் மெல்லிய கோடாக ஒட்டியிருக்கிறதா என்று பார்த்தால் இது நிறம் மாற்றிய படமா என்று தெரிந்துவிடும். இன்னொரு தடயமும் உண்டு. இரண்டு நிறப் படங்களிலும் கொசுவத்தின் மடிப்பும் நிழலும் இம்மி பிசகாமல் ஒன்றாக இருந்தால் மூலப்படம் ஒன்றுதான். ஒரே ஆள் இரண்டு சேலையை அப்படி ஒரே மடிப்பில் கட்ட முடியாது.

முதலில் படத்தைச் சரிசெய்யுங்கள்

இந்தப் பாசிப் பார்டர் படத்துக்கு மாற்றுரை எழுதும்போது இரண்டு வழிகள் தோன்றும். படத்தில் தெரிவதை அப்படியே எழுதலாம்: "பச்சை உடல், பாசிப் பார்டர்". கேட்பவர் அதை நம்பி வாங்குவார், அரக்குப் பார்டர் வரும். இது வெளிப்படையான தவறு. அல்லது படத்தை அப்படியே விட்டுவிட்டு, மாற்றுரையில் மட்டும் உண்மையைச் சொல்லலாம்: "பச்சை உடல், அரக்குப் பார்டர்". கண் தெரியாதவருக்குச் சரியான தகவல் போய்விட்டதே, இதில் என்ன தவறு என்று கேட்கத் தோன்றும்.

தவறு இருக்கிறது. பார்வைக் குறைபாடுள்ள பலருக்குப் பார்வை முற்றிலும் இல்லாமல் போவதில்லை. ஓரளவு தெரியும். திரையை நான்கு மடங்கு, எட்டு மடங்கு பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே திரைவாசிப்பானையும் கேட்பவர்கள் உண்டு. அவர்கள் காதில் அரக்கு, கண்ணில் பாசி. எதை நம்புவது? தன் பார்வை இன்னும் மோசமாகிவிட்டதோ என்று அவர் சந்தேகப்படுவார், கடையைச் சந்தேகப்பட மாட்டார். சேலையை வாங்கித் தருவதற்காகப் பக்கத்தில் உட்கார்ந்து படம் பார்க்கும் மகளுக்கும் அம்மாவுக்கும் இடையே, பார்டர் என்ன நிறம் என்பதில் பேச்சே ஒத்துப்போகாது.

ஆகவே வரிசை இதுதான். படம் துணியோடு ஒத்துப்போகவில்லையென்றால் படத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும். பார்டரையும் உடலையும் தனித்தனியாகத் தேர்ந்தெடுத்து நிறம் மாற்றினால் மேலே சொன்ன தவறு நேராது. அப்படிச் சரிசெய்ய நேரமோ வசதியோ இல்லையென்றால், வித்தியாசத்தை எல்லோர் கண்ணிலும் படும் படக்குறிப்பில் எழுத வேண்டும். மாற்றுரையில் மட்டும் ரகசியமாக எழுதக் கூடாது. படம் திருத்தப்பட்டது என்ற செய்தி பார்வையுள்ளவருக்கும் உரியது.

இந்திய விதிகளும் இதைத்தான் கேட்கின்றன. 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, பொருளின் விவரணையும் படமும் அதன் தோற்றத்தோடும் தன்மையோடும் தரத்தோடும் நேராகப் பொருந்தும் என்று விற்பவரிடம் சந்தைத் தளங்கள் உறுதிமொழி வாங்க வேண்டும். மாற்றுரையும் விவரணைதான். இணையச் சேவைகளை அணுகுவது வாழ்வுரிமையின் பகுதி என்று 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னதையும் இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும்.

மாற்றுரைக்கு ஒரு வேலை, படக்குறிப்புக்கு ஒரு வேலை

இரண்டிலும் ஒரே வாக்கியத்தை எழுதுவது பரவலான பழக்கம். திரைவாசிப்பானில் கேட்பவர் அதை அடுத்தடுத்து இரண்டு முறை கேட்க வேண்டியிருக்கும். ஒரு படத்துக்கு இப்படி என்றால் பொறுத்துக்கொள்ளலாம், ஒரு சேலைக்கு ஆறு படங்கள் இருக்கின்றன.

பிரித்துக்கொள்ள எளிய வழி ஒன்று உண்டு. இந்தப் படத்தில் மட்டும் தெரிவது மாற்றுரைக்குப் போகட்டும்: எந்தக் கோணம், எப்படிக் கட்டியிருக்கிறது, எந்த நிறம் எங்கே இருக்கிறது, கட்டமா கோடா. படத்தைப் பார்ப்பவரும் தானாகக் கண்டுபிடிக்க முடியாதது படக்குறிப்புக்குப் போகட்டும்: நிறம் கணினியில் மாற்றப்பட்டது, ரவிக்கை சேராது, பார்டரின் உண்மையான அகலம், துணி உள்ளே தெரியுமா தெரியாதா. நீளம், எடை, துவைக்கும் முறை எல்லாம் இரண்டிலும் வேண்டாம். அவை பக்கத்தின் விவரப் பட்டியலில் இருக்க வேண்டியவை. மாற்றுரையில் எண்களைக் கொட்டினால், கேட்பவர் ஒரே ஓட்டமாகக் கேட்டாக வேண்டும். தலைப்பு, பத்தி எதுவும் அதற்குள் கிடையாது. நிறுத்தி ஒரு எண்ணை மட்டும் மறுபடி கேட்பது பெரும்பாடு.

பச்சைக் கண்டாங்கியின் பார்டர் நிறத்தைச் சரிசெய்த பிறகு அதன் முதல் படத்துக்கு இப்படி எழுதலாம்:

```html
<figure lang="ta">
  <img src="kandangi-pachai-1.jpg"
   alt="பாட்டில் பச்சை கண்டாங்கி சேலை, கட்டிய நிலையில்
   முன்பக்கம். இருபுறமும் அகலமான அரக்குப் பார்டர்.
   இடது தோளில் அரக்கு முந்தானை, அதில் பச்சைப் பட்டைகள்.
   உடலின் கட்டக் கோடுகள் இப்படத்தில் தெரியவில்லை.">
  <figcaption>மஞ்சள் சேலையின் படத்தில் நிறம் மாற்றியது.
   சேலையில் ஒரு இன்ச் கறுப்புக் கட்டங்கள் உண்டு;
   மூன்றாவது படத்தில் பார்க்கலாம். பார்டர் 6 இன்ச்.
   படத்தில் உள்ள ரவிக்கை சேராது.</figcaption>
</figure>
```

இதில் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். முதல் சொற்களிலேயே நிறமும் பொருளும் வந்துவிடுகின்றன. திரைவாசிப்பானில் பழகியவர்கள் முதல் இரண்டு மூன்று சொற்களைக் கேட்டுவிட்டு, வேண்டாமென்றால் அடுத்ததற்குத் தாவிவிடுவார்கள். அதனால் "இந்தப் படத்தில் ஒரு அழகிய இளம்பெண்" என்று தொடங்கினால் சேலைக்கு வருவதற்குள் கேட்பவர் போயிருப்பார். "படம்" என்ற சொல்லும் தேவையில்லை, அது படம் என்பதைத் திரைவாசிப்பானே சொல்லிவிடும்.

படத்தில் கோடுகள் தெரியவில்லை என்று மாற்றுரை ஒப்புக்கொள்கிறது, உண்டு என்று படக்குறிப்பு சொல்கிறது. இரண்டும் முரண்படாமல் கைகோக்கின்றன. "மூன்றாவது படத்தில் பார்க்கலாம்" என்று எழுதியதால் மூன்றாவது படம் உண்மையாகவே பச்சைச் சேலையைத் தரையில் விரித்து, நிறம் மாற்றாமல் எடுத்ததாக இருக்க வேண்டும். ஒவ்வொரு நிறத்துக்கும் திருத்தாத ஒரு படமாவது இருப்பது நல்லது. மாடல் தேவையில்லை, ஜன்னல் வெளிச்சத்தில் மடித்துவைத்த சேலையை மேலிருந்து எடுத்தால் போதும்.

`lang="ta"` என்ற பகுதி சின்னதாகத் தெரிந்தாலும் விட்டுவிடக் கூடாது. பக்கம் ஆங்கிலத்தில் இருந்து மாற்றுரை மட்டும் தமிழில் இருந்தால், எந்தக் குரலில் வாசிப்பது என்பதை இதை வைத்துத்தான் திரைவாசிப்பான் முடிவுசெய்யும். இல்லாவிட்டால் ஆங்கிலக் குரல் தமிழ் எழுத்துகளைத் தாண்டிப் போகலாம், அல்லது புரியாதபடி வாசிக்கலாம்.

நிறத்தைச் சொற்களில் சொல்வது

"பிறவியிலேயே பார்வை இல்லாதவருக்கு நிறம் எதற்கு?" என்ற கேள்வி இன்னும் கேட்கப்படுகிறது. கல்யாண வீட்டுக்கு எந்தச் சேலை, எந்த ரவிக்கை எதற்குச் சேரும், மஞ்சள் சேலை அலமாரியில் ஏற்கெனவே இரண்டு இருக்கிறதே என்று எல்லாரும் போலத்தான் அவரும் யோசிக்கிறார். வாழ்க்கையின் நடுவில் பார்வை இழந்தவருக்கோ நிறங்கள் நினைவில் கூர்மையாகவே இருக்கின்றன.

ஆங்கிலத் தளங்களிலிருந்து வரும் நிறப்பெயர்கள் காதுக்கு உதவுவதில்லை. நிறுவனம் தன் வசதிக்கு வைத்த பெயர்களைக் கேட்டு யாராலும் ஒரு நிறத்தை நினைக்க முடியாது. தமிழில் நெசவும் கடையும் பயன்படுத்திவந்த பெயர்களோ ஒரு பொருளைக் கையில் பிடித்துக் காட்டுகின்றன: அரக்கு, மாம்பழ மஞ்சள், கிளிப்பச்சை, வெங்காய நிறம், கத்தரிப்பூ, மயில்கழுத்து. இவற்றில் ஏதாவது ஒன்றை எழுதும்போது அடிப்படை நிறமும் உடன் வரட்டும். "வெங்காய நிறம், ஊதா சாயலுள்ள வெளிர் இளஞ்சிவப்பு" என்றால் பெயரை அறியாத இளையவருக்கும் புரியும். நிறம் மாற்றும் பொத்தான்களுக்கும் இதே பெயர்கள்தான் இருக்க வேண்டும். சில தளங்களில் அந்தச் சின்ன வட்டங்களுக்குப் பெயரே இல்லாமல் நிறக் குறியீட்டு எண்ணைத் திரைவாசிப்பான் எழுத்தெழுத்தாகப் படிக்கும்.

மயில்கழுத்துக்கு வரும்போது திருத்திய படம் முழுதாகத் தோற்றுப்போகிறது. நீளவாக்கில் ஓடும் பாவு நூல் ஒரு நிறமும் குறுக்கே ஓடும் ஊடை நூல் வேறு நிறமுமாக நெய்யும் சேலை அது. நீலப் பாவும் பச்சை ஊடையும் என்றால், ஒரு கோணத்தில் நீலமாகவும் அசைந்தால் பச்சையாகவும் மினுங்கும். மடிப்பின் மேட்டில் ஒரு நிறம், பள்ளத்தில் ஒரு நிறம். ஒரு படம் அந்த அசைவை ஏற்கெனவே நிறுத்திவிடுகிறது. அதன்மேல் நிறத்தைச் சமன்செய்தால் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் உள்ள வேறுபாடு மங்கி, சாதாரண நீலப்பச்சைச் சேலையாகத் தெரியும். படத்தை மட்டும் பார்த்து எழுதுபவர் "நீலப்பச்சை" என்று முடித்துவிடுவார். சேலையைக் கையில் எடுத்து, முந்தானையின் குஞ்சத்தைப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். அங்கே தொங்குவது பாவு நூல். அது தனி நீலமாக இருக்கும். படக்குறிப்பு இப்படி அமையலாம்: "நீலப் பாவு, பச்சை ஊடை. அசையும்போது நீலமும் பச்சையும் மாறி மாறித் தெரியும். படத்தில் ஒரு நிறமாகத் தெரிகிறது." இந்த வரியால் பயன்பெறுபவர்களில் கண் தெரிந்தவர்கள்தான் அதிகம் என்று நினைக்கிறேன்.

எல்லாச் சேலைக்கும் ஒரே மாதிரி ஒட்டப்படும் "நிறம் சற்று மாறுபடலாம்" என்ற வரி எதையும் சொல்வதில்லை. எந்தப் பக்கம் மாறுபடும்? படத்தைவிட ஒரு படி இருட்டு என்றோ, படத்தில் தெரிவதைவிடச் சிவப்புச் சாயல் அதிகம் என்றோ எழுதினால் அது தகவல். அதை எழுத, துணியைப் பகல் வெளிச்சத்தில் ஜன்னலோரம் வைத்து, திரையின் வெளிச்சத்தை நடுத்தரமாக வைத்துப் பக்கத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். குழல்விளக்குக்குக் கீழே பார்த்து எழுதினால் அரக்கு பழுப்பாகத் தெரியக்கூடும். அந்த வரியைப் படத்துக்குள்ளேயே சின்ன எழுத்தில் பதித்துவிடும் வழக்கமும் உண்டு. படத்துக்குள் பதித்த எழுத்தைத் திரைவாசிப்பான் நம்பகமாக வாசிக்காது, பெரிதாக்கிப் பார்ப்பவருக்கு அது கலங்கிப்போகும்.

வடிவம், அளவு, ரவிக்கை

நிறத்துக்கு அடுத்தபடி அதிகம் ஏமாற்றுவது அளவு. விரித்து எடுத்த துணிப் படத்தை ஏற்கெனவே இருக்கும் மாடல் படத்தின்மேல் கணினியில் போர்த்தும்போது, பார்டரும் புட்டாவும் எந்த அளவில் விழும் என்பது திருத்துபவரின் கையில் இருக்கிறது. நான்கு இன்ச் பார்டர் முழங்கால்வரை ஏறி நிற்கும். புட்டா நெல்லிக்காய் அளவில் இருப்பது எலுமிச்சை அளவில் தெரியும். ஆகவே "அகலமான", "சிறிய" என்ற சொற்களைப் படத்தைப் பார்த்து எழுதாமல், டேப்பை வைத்து அளந்து எழுத வேண்டும். படத்தில் பார்டர் பெரிதாகத் தெரிந்தால் அதையும் படக்குறிப்பில் சொல்லிவிட வேண்டும்: "பார்டர் 4 இன்ச். படத்தில் தெரிவதைவிடக் குறுகியது."

சுடிதார், குர்தி, சட்டை போன்ற தைத்த உடைகளில் வேறு வகைத் திருத்தம். பொம்மைக்கு மாட்டும்போது முதுகில் கிளிப் போட்டு இழுத்துப் பிடிக்கிறார்கள், பிறகு கணினியில் இடுப்பை இன்னும் ஒடுக்குகிறார்கள். அதைப் பார்த்து "உடலை ஒட்டிய தையல்" என்று எழுதினால், வருவது நேர்வெட்டுக் குர்தியாக இருக்கும். வெட்டு என்ன என்பதைத் துணியைத் தட்டையாக மேசையில் வைத்துத்தான் முடிவுசெய்ய வேண்டும். அக்குளிலிருந்து அடிவரை இரண்டு ஓரமும் நேராக ஓடினால் நேர்வெட்டு, அடியில் விரிந்தால் ஏ-லைன். மார்புச் சுற்றளவு இன்ச்சில் விவரப் பட்டியலில் வரட்டும்.

பருத்தியிலும் லினனிலும் சுருக்கத்தை நீக்குவது சாதாரணத் திருத்தம், அதைச் சொல்லத் தேவையில்லை. வெள்ளைப் பின்னணியையும் சொல்ல வேண்டாம். ஆனால் மெல்லிய துணியில் உள்ளே தெரிவதை மறைத்து நிரப்பியிருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும். கண்ணாடியில் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாத ஒருவர் அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு வெளியே போகப்போகிறார். உள்ளங்கையைத் துணிக்குக் கீழே வைத்துப் பாருங்கள். விரல்கள் தனித்தனியாகத் தெரிந்தால் "ஒற்றை மடிப்பில் உள்ளே தெரியும்" என்று எழுதுங்கள்.

ரவிக்கை பற்றிய ஏமாற்றம் மிகப் பழையது. படத்தில் மாடல் வேலைப்பாடுள்ள ரவிக்கை அணிந்திருப்பார், பெட்டியில் வருவது சேலையோடு சேர்த்து நெய்த 80 செ.மீ. துண்டு, அல்லது அதுவும் இல்லை. பார்ப்பவருக்குக் கொஞ்சம் சந்தேகமாவது வரும். "தங்க வேலைப்பாடுள்ள ரவிக்கையுடன் பச்சைச் சேலை" என்று கேட்பவருக்கு அந்தச் சந்தேகத்துக்கும் இடமில்லை, "ரவிக்கையுடன்" என்ற சொல்லே விற்பனையில் சேர்ந்தது போல ஒலிக்கிறது. ஆகவே மாற்றுரையில் "மாடல் அணிந்த ரவிக்கை" என்று பிரித்துச் சொல்லிவிட்டு, சேருமா சேராதா என்பதைப் படக்குறிப்பில் எழுத வேண்டும்.

மாடலைப் பற்றி எவ்வளவு சொல்வது? சேலையை எப்படிக் கட்டியிருக்கிறார், முந்தானை மடித்ததா விரித்ததா, நிற்கிறாரா நடக்கிறாரா என்பவை உதவும். தைத்த உடையானால் மாடலின் உயரம் உதவும், ஏனென்றால் குர்தியின் அடி எங்கே முடிகிறது என்பதை அதை வைத்துக் கணக்கிடலாம். ஆனால் உடை கணினியில் போர்த்தப்பட்டதாக இருந்தால் உயரத்தைச் சொல்லக் கூடாது. அந்த உடை அவர்மேல் இருந்ததே இல்லை என்பதால் அந்தக் கணக்கு பொய்யாகிவிடும். அங்கே நீளத்தை இன்ச்சில் சொல்வதுதான் நேர்மை.

எங்கே கோட்டை விடுகிறார்கள்

தவறுகளில் பாதி எழுத்தில் நடப்பதில்லை, கைமாறும்போது நடக்கிறது. சேலையைத் தொட்டவர் கடையில் இருக்கிறார், படத்தைத் திருத்துபவர் வேறு ஊரில் இருக்கிறார், மாற்றுரையை நிரப்புபவர் இன்னொரு அலுவலகத்தில் கோப்பின் பெயரை மட்டும் பார்த்து எழுதுகிறார். திருத்துபவர் ஒவ்வொரு படத்தோடும் மூன்று வரி அனுப்பினால் இது தீரும். மூலப்படம் எந்த நிறச் சேலையுடையது, எதை மாற்றினேன், எதைச் சேர்த்தேன் அல்லது நீக்கினேன். அந்த மூன்று வரியும் சேலையைக் கையில் வைத்திருப்பவரிடம் போய், அவர் துணியோடு ஒப்பிட்ட பிறகே மாற்றுரை எழுதப்பட வேண்டும்.

தளத்திலும் ஒரு பொறி இருக்கிறது. வாடிக்கையாளர் மஞ்சளிலிருந்து பச்சைக்கு மாற்றும்போது பக்கம் படத்தின் கோப்பை மட்டும் மாற்றிவிட்டு, `alt` பழைய மஞ்சளிலேயே நிற்கும். பார்ப்பவருக்குப் பச்சை, கேட்பவருக்கு மஞ்சள். ஒவ்வொரு நிறத்தையும் தேர்ந்தெடுத்து, படத்துக்குத் திரும்பி வந்து காதால் கேட்டால்தான் இது பிடிபடும். என்.வி.டி.ஏ. இலவசம், டாக்பேக் பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் ஏற்கெனவே இருக்கிறது, ஆகவே சோதிக்கச் செலவு இல்லை. கீழே வரிசையாக நிற்கும் சின்னப் படங்களையும் அப்போது கேட்டுவிடலாம். ஐந்துக்கும் ஒரே மாற்றுரை இருந்தால் ஒரே வாக்கியம் ஐந்து முறை ஒலிக்கும். எதுவுமே இல்லாவிட்டால், அவை பொத்தான்கள் என்பதால் பல திரைவாசிப்பான்கள் கோப்பின் பெயரையே படிக்கும். "முந்தானை", "பார்டர் நெருக்கத்தில்", "மடித்த சேலை, நிறம் மாற்றாத படம்" என்று இரண்டு மூன்று சொற்கள் போதும்.

தேடலில் மேலே வருவதற்காக "பச்சை சேலை, பருத்தி சேலை, கண்டாங்கி சேலை, குறைந்த விலை சேலை" என்று மாற்றுரையில் அடுக்குபவர்கள், கேட்பவரின் நேரத்தைத்தான் செலவழிக்கிறார்கள். வாட்ஸாப் குழுவில் விற்பவர்களுக்கு மாற்றுரைக்கான தனிப் பெட்டி கிடையாது. அங்கே படத்தோடு அனுப்பும் வரியே இரண்டு வேலையையும் செய்ய வேண்டும். "புது கலெக்ஷன், உடனே ஆர்டர்" என்பதற்குப் பதிலாக நிறம், பார்டர், முந்தானை, ரவிக்கை என்ற வரிசையில் நான்கு சிறு வாக்கியம் எழுதலாம். இதயமும் பூவுமாக எமோஜிகளை அடுக்கினால் திரைவாசிப்பான் ஒவ்வொன்றின் பெயரையும் சொல்லிமுடித்த பிறகுதான் விலைக்கு வரும்.

எழுதியது சரியா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. ஒரே ரகத்தில் நான்கு சேலைகளை மேசையில் வையுங்கள். படத்தைப் பார்க்காத ஒரு சக ஊழியரிடம் ஒரு சேலையின் மாற்றுரையையும் படக்குறிப்பையும் வாசித்துக் காட்டி, எது என்று எடுக்கச் சொல்லுங்கள். தயங்காமல் எடுத்தால் உரை வேலை செய்கிறது. இரண்டுக்கு நடுவே தடுமாறினால், அந்த இரண்டையும் பிரிக்கும் விவரம் விடுபட்டிருக்கிறது. பெரும்பாலும் அது பார்டர் நிறமாகவோ கட்டத்தின் அளவாகவோ இருக்கும். தடவிப் பார்த்துத் தெரியும் சொரசொரப்பும் விறைப்பும் இந்தச் சோதனையில் வராது. அவற்றைச் சேலையைத் தொட்டவர் விவரப் பட்டியலில் தனியாகச் சேர்க்க வேண்டும்.

புதுச் சரக்கு வரும்போது இதை ஒருமுறை மறுபடி செய்ய வேண்டியிருக்கும். சாயம் போட்ட தொகுதி மாறினால் பாட்டில் பச்சை ஒரு படி வெளிறி வரலாம், பார்டர் ஆறு இன்ச்சிலிருந்து ஐந்தாகலாம். பழைய படமே தளத்தில் தொடரும் என்பதால் யாருக்கும் உறுத்தாது. சரக்குப் பதிவேட்டில் தொகுதி எண்ணுக்குப் பக்கத்தில் மாற்றுரையைக் கடைசியாகச் சரிபார்த்த தேதியையும் எழுதிவைத்தால், எந்தச் சேலையை மறுபடி அளக்க வேண்டும் என்பது தேடாமல் தெரியும்.